3% வரம்பு, விலக்கு விதி, தவறினால் என்ன: நிதிப் பொறுப்புச் சட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறைக்கு நிதிப் பொறுப்புச் சட்டத்தில் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3% என்று வரம்பு இருக்கிறது என்கிறார்கள். ஆனால் 2025-26 பட்ஜெட்டில் நிதிப் பற்றாக்குறை 4.4%. அப்படியென்றால் அரசு சட்டத்தை மீறுகிறதா?

மேலோட்டமாகப் பார்த்தால் ஆம் என்று தோன்றும். ஆனால் சட்டத்தின் வாசகம் "ஒவ்வோர் ஆண்டும் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்" என்று மட்டும் சொல்லவில்லை. "2021 மார்ச் 31-க்குள் 3 சதவீதத்துக்குள் கொண்டுவர வேண்டும்" என்று ஒரு தேதியையும் வைத்திருக்கிறது. அந்தத் தேதி கொரோனா ஆண்டின் கடைசி நாள். அன்று பற்றாக்குறை 9 சதவீதத்துக்கும் மேல் இருந்தது. அதற்கான காரணத்தை அரசு நாடாளுமன்றத்தில் அறிக்கையாக வைத்தது. சட்டத்தைத் திருத்தி புதுத் தேதி குறிக்கப்போவதாக 2021 பட்ஜெட் உரையில் சொன்னது. அந்தத் திருத்தம் வரவில்லை. பதிலாக, 2025-26-க்குள் 4.5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவோம் என்று அதே உரையில் தந்த வாக்குறுதியைத்தான் அரசு பின்பற்றி வந்தது. ஆக, இந்த 4.4% சட்டத்தின் இலக்கு அல்ல. அமைச்சர் சொன்ன வார்த்தையின் இலக்கு.

இதில் பேசப்படுவது 2003-ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்பு மற்றும் பட்ஜெட் மேலாண்மைச் சட்டம். எஃப்.ஆர்.பி.எம். சட்டம் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 2004 ஜூலை 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2018-இல் நிதிச் சட்டம் வழியாகப் பெரிய அளவில் திருத்தப்பட்டது. இப்போது செல்லுபடியாகும் வரம்புகளும் விலக்கு விதிகளும் அந்தத் திருத்தத்தில் வந்தவை.

நிதிப் பற்றாக்குறை என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? கடன் வாங்கிய பணமும் வரவில் சேருமா?

சேராது. மொத்தச் செலவிலிருந்து, திருப்பித் தர வேண்டியிராத வரவுகளை மட்டும் கழிக்க வேண்டும். மீதி எவ்வளவு வருகிறதோ அதற்குக் கடன் வாங்கியாக வேண்டும். அதுதான் நிதிப் பற்றாக்குறை.

2019-20-இன் திருத்திய மதிப்பீட்டை, அதாவது ஆண்டு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது திருத்திப் போட்ட கணக்கை, எடுத்துக்கொள்வோம், கீழேயும் இதே ஆண்டு வரும். மொத்தச் செலவு 26,98,552 கோடி ரூபாய். வரி, ஈவுத்தொகை, கட்டணம் எல்லாம் சேர்ந்த வருவாய் வரவு 18,50,101 கோடி. அரசு கொடுத்திருந்த கடன்களில் திரும்பி வந்தது 16,605 கோடி. பொதுத்துறைப் பங்குகளை விற்பது போன்றவற்றில் வருவதாகக் கணக்கிட்டது 65,000 கோடி. இந்த மூன்றையும் செலவிலிருந்து கழித்தால் 7,66,846 கோடி. அந்த ஆண்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி சுமார் 204.4 லட்சம் கோடி என்று மதிப்பிட்டிருந்தார்கள். வகுத்தால் 3.75, முழுமையாக்கி 3.8%.

பங்கு விற்பனைப் பணம் கழிக்கும் பக்கத்தில் இருப்பதைக் கவனியுங்கள். சொத்தை விற்றாலும் அந்த ஆண்டின் பற்றாக்குறை குறைந்துதான் தெரியும். வகுக்கும் எண்ணும் அசையக்கூடியது. உற்பத்தி மதிப்பீடு பிறகு குறைத்துத் திருத்தப்பட்டால், ஒரு ரூபாய்கூட அதிகம் கடன் வாங்காமலே சதவீதம் ஏறிவிடும்.

3% தவிர வேறு என்ன வரம்புகள் இருக்கின்றன?

கடனுக்கு வரம்பு இருக்கிறது. 2024-25 முடிவதற்குள் மத்திய அரசின் கடன் உற்பத்தியில் 40 சதவீதத்துக்குள்ளும், மத்திய மாநில அரசுகளின் கடன் சேர்த்து 60 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது 2018 திருத்தம். அந்தத் தேதியும் போய்விட்டது. மத்திய அரசின் கடன் மட்டுமே 57% அளவில் நின்றது. இன்னொன்று உத்தரவாதம். பொதுத்துறை நிறுவனம் வாங்கும் கடனுக்கு அரசு புதிதாகக் கொடுக்கும் உத்தரவாதம் ஓராண்டில் உற்பத்தியில் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

முன்பு, அன்றாடச் செலவு வருவாயை மிஞ்சும் அளவான வருவாய்ப் பற்றாக்குறைக்கும் இலக்கு இருந்தது. அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்கக் கூடாது, கட்டுமானத்துக்கு மட்டும் வாங்கலாம் என்பதே 2003 சட்டத்தின் மூல எண்ணம். 2018 திருத்தம் மத்திய அரசுக்கு அந்த இலக்கை எடுத்துவிட்டது. எங்களைக் கேட்டால், அந்தத் திருத்தத்தில் அதிகம் பேசப்படாமல் போன இழப்பு அதுதான்.

இலக்குத் தேதி எத்தனை தடவை தள்ளிப்போயிருக்கிறது?

முதல் சுற்றில் 2009 மார்ச்சை ஒட்டி 3 சதவீதத்தை அடைய வேண்டியிருந்தது. 2007-08-இலேயே பற்றாக்குறை 2.5 சதவீதத்துக்கு இறங்கியது. மறு ஆண்டே உலக நிதி நெருக்கடி, விவசாயக் கடன் தள்ளுபடி, ஊதியக் குழு எல்லாம் சேர்ந்து வந்தன. 2.5% என்று பட்ஜெட் போட்ட 2008-09 சுமார் 6 சதவீதத்தில் முடிந்தது. பிறகு 2012 திருத்தம் ஒரு புதுப் பாதை போட்டது, 2015 திருத்தம் தேதியை 2018 மார்ச்சுக்குத் தள்ளியது, 2018 திருத்தம் 2021 மார்ச்சுக்குத் தள்ளியது. தள்ளுவதற்குச் சட்டத் திருத்தம் வேண்டும்தான். ஆனால் அதை நிதி மசோதாவோடு சேர்த்துவிடலாம். பட்ஜெட்டை நிறைவேற்றும் பெரும்பான்மை இருக்கும் அரசுக்கு அது ஒரு தடையே அல்ல.

விலக்கு விதி என்கிறார்களே, எந்தெந்தக் காரணத்துக்கு வரம்பைத் தாண்டலாம்?

4-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு காரணங்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது: நாட்டின் பாதுகாப்பு, போர், தேசியப் பேரிடர், விளைச்சலையும் விவசாயிகள் வருமானத்தையும் கடுமையாகப் பாதிக்கும் வேளாண் வீழ்ச்சி, முன்கூட்டி எதிர்பாராத நிதி விளைவுகளைத் தரும் பொருளாதாரக் கட்டமைப்புச் சீர்திருத்தம், ஒரு காலாண்டின் வளர்ச்சி அதற்கு முந்தைய நான்கு காலாண்டுகளின் சராசரியைவிட 3 சதவீதப் புள்ளியாவது கீழே போவது.

காரணம் எதுவானாலும், ஓராண்டில் இலக்கைவிட 0.5% அளவுக்குத்தான் தாண்டலாம் என்று 3-ஆம் உட்பிரிவு பூட்டுப் போடுகிறது. தாண்டினால் ஏன் தாண்டினோம், எப்படித் திரும்பி வருவோம் என்ற அறிக்கையை 5-ஆம் உட்பிரிவின்படி இரு அவைகளிலும் வைக்க வேண்டும். இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு விதி உண்டு. வளர்ச்சி அதே போல 3 புள்ளி மேலே போனால், பற்றாக்குறையைக் குறைந்தது 0.25% குறைக்க வேண்டும். நல்ல காலத்தில் சேமிக்கச் சொல்லும் இந்த விதியை எந்த அமைச்சரும் மேடையில் பேசுவதில்லை.

இந்தக் காரணங்கள், சட்டத்தை மறுஆய்வு செய்ய அரசு அமைத்த என்.கே. சிங் குழுவின் 2017 அறிக்கையை ஒட்டியவை. ஆனால் அந்தக் குழு இன்னொன்றும் கேட்டிருந்தது: விலக்கைப் பயன்படுத்துமுன் தன்னாட்சி பெற்ற நிதிக் கவுன்சில் ஒன்றின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று. அரசு காரணங்களை எடுத்துக்கொண்டது, கவுன்சிலை விட்டுவிட்டது. அதனால் காரணம் பொருந்துகிறதா என்று தீர்மானிப்பதும் அரசே, விலக்கை எடுத்துக்கொள்வதும் அரசே.

வளர்ச்சி 3 புள்ளி குறைந்ததா என்று நாமே கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா?

தாராளமாக. 2019 நவம்பர் இறுதியில் வெளியான ஜூலை-செப்டம்பர் காலாண்டுப் புள்ளிவிவரத்தை எடுத்துக்கொள்வோம். வளர்ச்சி 4.5% என்று வந்ததும் பெரிய பரபரப்பு. அதற்கு முந்தைய நான்கு காலாண்டுகளும் அப்போதைய வெளியீட்டின்படி 7.0, 6.6, 5.8, 5.0. கூட்டினால் 24.4, சராசரி 6.1. விதி செயல்பட வேண்டுமானால் வளர்ச்சி 3.1% அல்லது அதற்கும் கீழே போயிருக்க வேண்டும். 4.5 என்பது சராசரியைவிட 1.6 புள்ளிதான் குறைவு. ஆகவே, ஆறு ஆண்டுகளில் காணாத மந்தம் என்று எல்லோரும் பேசிய நேரத்திலும் இந்தக் கதவு திறக்கவில்லை.

காரணம் விதியின் அமைப்பிலேயே இருக்கிறது. வளர்ச்சி படிப்படியாக இறங்கும்போது சராசரியும் கூடவே இறங்கிவிடும், இடைவெளி பெரிதாகாது. திடீரென்று விழுந்தால்தான் இந்த விதி பிடிக்கும். மெல்ல மெல்லத் தேயும் பொருளாதாரத்துக்கு இதில் இடமில்லை.

அப்படியானால் 2020 பட்ஜெட்டில் எந்தக் காரணம் சொல்லி 0.5% எடுத்தார்கள்?

கட்டமைப்புச் சீர்திருத்தம். 2019 செப்டம்பர் 20 அன்று நிறுவன வரியை அரசு குறைத்தது. சலுகைகளை விட்டுக்கொடுக்கும் நிறுவனங்களுக்கு 22%, புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15%. இதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் விட்டுப்போகும் என்று அரசே அன்று சொன்னது. 2020 பிப்ரவரி 1 பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் 4(2) பிரிவின் கீழ் 'எதிர்பாராத நிதி விளைவுகளைத் தரும் கட்டமைப்புச் சீர்திருத்தம்' என்ற காரணத்தை எடுத்துக்கொண்டார். 2019-20-க்கு 3.3% ஆக இருந்த இலக்கு 3.8% ஆனது. அடுத்த ஆண்டுக்கும் அதே 0.5% சேர்த்து 3.5% என்று வைத்தார்.

இங்கே இரண்டு இடங்கள் நெருடுகின்றன. வரியைக் குறைத்தால் வருவாய் குறையும் என்பது அறிவித்த நாளிலேயே தொகையோடு தெரிந்த விஷயம், அதை எதிர்பாராதது என்று சொல்வது சற்று இழுத்த வாசிப்பு. இன்னும் தொடங்கவே தொடங்காத 2020-21-க்கு எதிர்பாராத விளைவு என்று முன்கூட்டியே விலக்கு எடுத்தது அதைவிட வேடிக்கை. ஆனாலும் சட்டப்படி தவறு என்று சொல்ல முடியாது. அந்தச் சொற்களுக்கு விளக்கம் தரும் அதிகாரம் வெளியே யாரிடமும் இல்லை.

3.8 சதவீதத்தோடு நின்றதா?

நிற்கவில்லை. இறுதிக் கணக்கில் 9,33,651 கோடி, அதாவது 4.6%. இலக்கைவிட 1.3 புள்ளி அதிகம். சட்டம் அனுமதித்தது அரைப் புள்ளி. ஊரடங்கு மார்ச் கடைசி வாரத்தில்தான் வந்தது என்பதால் முழுப் பழியையும் அதன் மேல் போட முடியாது. திருத்திய மதிப்பீட்டில் மத்திய அரசின் நிகர வரி வருவாய் 15.05 லட்சம் கோடி என்று போட்டிருந்தார்கள், வந்தது 13.57 லட்சம் கோடி. ஆண்டு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது போட்ட கணக்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம் கோடி தவறியது. பட்ஜெட் நாளில் தலைப்புச் செய்தியாவது திருத்திய மதிப்பீட்டின் சதவீதம். இறுதி எண் பல மாதம் கழித்து வரும்போது அதைப் பார்ப்பவர்கள் குறைவு. அதனால் ஓர் ஆண்டின் பற்றாக்குறையை மதிப்பிட வேண்டுமானால் அடுத்ததற்கு அடுத்த பட்ஜெட்டில் 'உண்மைக் கணக்கு' என்ற பத்தியில் வரும் எண்ணைப் பாருங்கள்.

கொரோனா ஆண்டில் 0.5% வரம்பு எப்படிப் போதும்?

போதவில்லை. 3.5% என்று போட்ட பட்ஜெட், இறுதியில் 18,18,291 கோடியாக, 9.2 சதவீதமாக முடிந்தது. பேரிடர், வளர்ச்சி வீழ்ச்சி என்று இரண்டு காரணங்களும் ஐயமின்றிப் பொருந்தின. ஆனால் எந்தக் காரணத்துக்கும் அரைப் புள்ளிதான் என்பதால், விலக்கு விதி தன் வேலையைச் செய்ய வேண்டிய ஒரே ஆண்டில் அது உதவவில்லை.

அரசு அப்போது சட்டத்தின் இன்னொரு பிரிவையும் துணைக்கு அழைத்தது. 7-ஆம் பிரிவின் 3(ஆ), எதிர்பாராத சூழ்நிலையால் கடமையிலிருந்து விலக நேர்ந்தால் அமைச்சர் இரு அவைகளிலும் விளக்கம் தர வேண்டும், சரிசெய்ய என்ன செய்யப்போகிறார் என்றும் சொல்ல வேண்டும் என்கிறது. இதில் அளவு வரம்பு கிடையாது. 2021 பட்ஜெட்டோடு 4(5), 7(3)(ஆ) ஆகிய இரண்டின் கீழும் சேர்த்து ஓர் அறிக்கை தாக்கல் செய்யப்பட்டது. நடைமுறையில் 4-ஆம் பிரிவு போட்ட பூட்டுக்கு 7-ஆம் பிரிவு சாவி ஆகிவிட்டது.

இலக்கு தவறினால் தண்டனை என்ன? நீதிமன்றம் போக முடியுமா?

அபராதம் இல்லை, செலவு தானாக வெட்டப்படுவதும் இல்லை, யார் பதவியும் போகாது. இந்தச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு எடுக்கும் முடிவைச் சிவில் நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாது என்று சட்டமே சொல்கிறது. நல்லெண்ணத்தில் செய்த செயலுக்குப் பாதுகாப்பும் கொடுக்கிறது. கிடைப்பதெல்லாம் அறிக்கைகள்தான்: பட்ஜெட்டோடு வரும் நிதிக் கொள்கை அறிக்கைகள், ஆண்டின் பாதியில் வரவு செலவு ஆய்வு, விலகினால் விலகல் அறிக்கை. 2012 திருத்தத்துக்குப் பிறகு, சட்டம் பின்பற்றப்பட்டதா என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரும் ஆய்வு செய்து நாடாளுமன்றத்துக்குத் தருகிறார். கூர்மையான தகவல்கள் கிடைப்பது பெரும்பாலும் அந்த அறிக்கையில்தான், ஆனால் அது வருவதற்குள் ஓரிரு ஆண்டு ஓடிவிடும்.

அறிக்கையால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு: 2021-22 முதல் வந்த அறிக்கைகளில், அடுத்த ஆண்டுகளுக்கான தொடர் இலக்குகளைத் தருவதையே நிச்சயமற்ற சூழலைக் காரணம் காட்டி அரசு நிறுத்தியது. அளவுகோலே இல்லாவிட்டால் தவறியதா இல்லையா என்ற கேள்விக்கே இடமிருக்காது.

கடனை வேறு நிறுவனத்தின் பெயரில் வாங்கி இலக்கைக் காப்பாற்ற முடியுமா?

முடியும், நடந்திருக்கிறது. இந்திய உணவுக் கழகம் நெல்லையும் கோதுமையையும் விலை கொடுத்து வாங்கி ரேஷனுக்குக் குறைந்த விலையில் தருகிறது. வித்தியாசத்தை அரசு மானியமாகத் தர வேண்டும். மானியத்தை முழுமையாகத் தராமல், தேசிய சிறுசேமிப்பு நிதியத்திலிருந்து கழகத்துக்குக் கடன் கொடுக்க வைத்தால் என்ன ஆகும்? கழகத்துக்குப் பணம் வந்துவிடும், அரசின் செலவுக் கணக்கில் ஏறாது.

2019-20-இல் உணவு மானியத்துக்கு முதலில் 1,84,220 கோடி ஒதுக்கினார்கள். திருத்திய மதிப்பீட்டில் அது 1,08,688 கோடியாகக் குறைந்தது. அதே நேரத்தில் சிறுசேமிப்பு நிதியத்திலிருந்து கழகத்துக்கு சுமார் 1.1 லட்சம் கோடி கடன். இந்தக் கடன் உற்பத்தியில் அரைச் சதவீதத்துக்கும் மேல், அதையும் சேர்த்தால் அன்று அறிவித்த 3.8% நான்கைத் தாண்டியிருக்கும். இவ்வாறு சேர்ந்த பாக்கியை 2020-21-இல் ஒரேயடியாகத் தீர்த்தபோது, 1,15,570 கோடி என்று போட்டிருந்த உணவு மானியம் திருத்திய மதிப்பீட்டில் 4,22,618 கோடிக்குப் பாய்ந்தது. கொரோனா இலவச அரிசி மட்டும் அதற்குக் காரணம் அல்ல. எப்படியும் பற்றாக்குறை எகிறிய ஆண்டில் பழைய பாக்கியையும் கணக்கில் கொண்டுவந்தது நல்ல காரியம்தான்.

இப்படி மறைந்திருப்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: பெரிய மானியத் தலைப்புகளில் பட்ஜெட் மதிப்பீட்டையும் திருத்திய மதிப்பீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேவை குறையாமல் ஒதுக்கீடு மட்டும் கால்பங்குக்கு மேல் குறைந்தால், பணம் வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது.

மாநில அரசு தவறினாலும் இதே கதைதானா?

இல்லை, மாநிலத்துக்குக் கடிவாளம் உண்மையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு 2003-ஆம் ஆண்டின் சொந்த நிதிப் பொறுப்புச் சட்டம் உண்டு, பற்றாக்குறை வரம்பு மாநில உற்பத்தியில் 3%. ஆனால் கடிவாளம் அந்தச் சட்டத்தில் இல்லை, அதைச் சட்டமன்றம் திருத்திக்கொள்ளலாம். அரசியலமைப்பின் 293(3) பிரிவில் இருக்கிறது. மத்திய அரசுக்குக் கடன் பாக்கி வைத்திருக்கும் மாநிலம், புதுக் கடன் வாங்க அதன் ஒப்புதலைப் பெற வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் மத்திய நிதியமைச்சகம் மாநிலத்துக்கு நிகரக் கடன் உச்சவரம்பு குறிக்கிறது. ஓர் ஆண்டு கூடுதலாக வாங்கினால் அடுத்த ஆண்டு உச்சவரம்பில் கழித்துக்கொள்கிறது.

கொரோனா ஆண்டில் மாநிலங்களுக்கு 3% என்பது 5% ஆக உயர்ந்தபோதும், கூடுதல் 2 சதவீதத்தில் அரைச் சதவீதம்தான் நிபந்தனையின்றி என்று மத்திய அரசு முதலில் அறிவித்தது. மீதி, ஒரே நாடு ஒரே ரேஷன், மின்விநியோகம் போன்ற சீர்திருத்தங்களை முடித்ததற்கு ஏற்ப. அதைப் பயன்படுத்த மாநிலங்கள் தங்கள் சட்டங்களையும் திருத்த வேண்டியிருந்தது. மாநில நிறுவனங்கள் பெயரில் வாங்கி, மாநில பட்ஜெட்டிலிருந்து அடைக்கும் கடனையும் உச்சவரம்பில் சேர்க்கத் தொடங்கியதும் கேரளம் உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஏப்ரல் 1 அன்று இடைக்கால நிவாரணம் மறுக்கப்பட்டது, 293-ஆம் பிரிவின் பொருள் குறித்த கேள்விகள் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்பப்பட்டன. மத்திய அரசு தன் உணவுக் கழகக் கடனைக் கணக்குக்கு வெளியே தள்ளிவைத்தபோது அதன் உச்சவரம்பைக் குறைக்க மேலே யாரும் இருக்கவில்லை என்பதே மாநிலங்களின் மனக்குறை. அதில் நியாயம் இருக்கிறது.

இனி 3% இலக்கு உண்டா, கைவிட்டுவிட்டார்களா?

சட்டத்தில் இருக்கிறது, பேச்சில் இல்லை. 2026-27 முதல் ஆண்டுப் பற்றாக்குறை எண்ணுக்குப் பதிலாகக் கடன் விகிதத்தை அளவுகோலாகக் கொள்வதாக அரசு 2025 பட்ஜெட்டில் அறிவித்தது. 2031 மார்ச் 31-க்குள் மத்திய அரசின் கடனை உற்பத்தியில் 50 சதவீதத்துக்கு, ஒரு புள்ளி கூடவோ குறையவோ, கொண்டுவருவது நோக்கம். சட்டத்தில் இன்னும் எழுதியிருக்கும் 40 சதவீதத்தைவிட இது பத்துப் புள்ளி தளர்வு.

கடன் விகிதத்தை அளவுகோலாக்கினால் உணவுக் கழகம் போன்ற கணக்கு ஒதுக்கல்களுக்கு இடம் குறையும் என்பது ஒரு நன்மை. ஆனால் அதுவும் கடன் என்பதில் எதையெதைச் சேர்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. விலைவாசி ஏறினாலே உற்பத்தியின் ரூபாய் மதிப்பு உயர்ந்து விகிதம் இறங்கிவிடும் என்பதால், அரசு சிக்கனம் காட்டியதா என்பதை ஒரே ஆண்டின் விகிதத்தை வைத்துச் சொல்ல முடியாது.